ரீஃபண்ட் தருவதாகச் சொல்வது போலத் தெரியும் கஸ்டமர் கேர் மின்னஞ்சலைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பணிவாக இருக்கும், 'ரீஃபண்ட்' என்ற சொல் நாலைந்து இடத்தில் இருக்கும். படித்தவர் "சரி, பணம் வந்துவிடும்" என்று நிம்மதியாகி விடுவார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் பணம் வந்திருக்காது, புகாரையும் மூடியிருப்பார்கள். அக்கம்பக்கத்தாருக்கு இந்த மாதிரிக் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதிக் கொடுத்து வருகிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்: கடிதத்தின் தொனியைப் படிக்கிறார்கள், வினைச்சொல்லைப் படிப்பதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவருக்கு வந்த கடிதத்தை வைத்தே முழுவதையும் விளக்குகிறேன். ஒரு ஷாப்பிங் தளத்தில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் வாங்கினார். மார்ச் 3 அன்று வந்தது, உள்ளே கல் விரிசல் விட்டிருந்தது. மறுநாளே ரிட்டர்ன் கேட்டார், ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் 7 அன்று ஆள் வந்து எடுத்துப் போனார். மார்ச் 14 அன்று வந்த கடிதத்தின் தமிழ் வடிவம் இது:

> (1) தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம். (2) தங்கள் ரீஃபண்ட் கோரிக்கை சம்பந்தப்பட்ட குழுவின் கவனத்துக்கு முன்னுரிமையுடன் கொண்டுசெல்லப்பட்டுள்ளது. (3) பொருள் எங்கள் கிடங்கை அடைந்து தரப் பரிசோதனை முடிந்ததும், தகுதியுள்ள தொகைக்கான ரீஃபண்ட் தொடங்கப்படும். (4) ரீஃபண்ட் தொடங்கிய பின் பொதுவாக 7 முதல் 10 வேலை நாட்களில் தொகை கணக்கில் தெரியும். வங்கியைப் பொறுத்து இது மாறலாம். (5) எங்கள் கொள்கைகளுக்கு உட்பட்டு தங்களுக்குச் சிறந்த தீர்வு கிடைக்க உறுதுணையாக இருப்போம். (6) 48 மணி நேரத்துக்குள் தங்களிடமிருந்து பதில் வராவிட்டால் இந்தப் புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதப்படும்.

## 1. கடிதத்தைத் திறக்கும் முன் உங்கள் பக்கக் கணக்கை எழுதுங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் தேதிகளும் தொகையும் கையில் இல்லாமல் கடிதத்தைப் படித்தால், அவர்கள் சொல்லும் கணக்கே உங்கள் கணக்காகிவிடும்.

ஒரு தாளில் எழுத வேண்டியவை: ஆர்டர் எண், பொருள் வந்த தேதி, ரிட்டர்ன் ஏற்கப்பட்ட தேதி, பொருளை எடுத்துப்போன தேதி, பார்சல் எங்கே இருக்கிறது என்று தேட உதவும், கூரியர் ரசீதில் உள்ள ஏ.டபிள்யூ.பி. எண், கட்டிய தொகை, கட்டிய வழி. ரிட்டர்ன் ஏற்கப்பட்டதைக் காட்டும் பக்கத்தையும், அந்தப் பொருளுக்கான ரிட்டர்ன் விதிப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தப் பக்கங்கள் மாறக்கூடியவை.

தொகையைப் பிரித்து எழுதுவது முக்கியம். அக்காவின் கணக்கு இப்படி இருந்தது: கிரைண்டர் 5,490 ரூபாய், கூப்பன் தள்ளுபடி 300, டெலிவரிக் கட்டணம் 99. ஆகக் கட்டியது 5,289. அதில் 500 கிஃப்ட் கார்டு இருப்பிலிருந்து, மீதி 4,789 யுபிஐ வழியாக. இந்தப் பிரிப்பு பின்னால் கை கொடுத்தது.

பொருளைக் கூரியர்காரர் வாங்கிக்கொண்டு ரசீதும் தராமல், மெசேஜும் வராமல் போனால் அன்றே ஆப்பில் நிலையைப் பார்த்துப் படம் எடுங்கள். பொருள் கைமாறியதற்கான சான்று இல்லையென்றால் அடுத்து வரும் எல்லாப் படிகளும் பலவீனமாகும்.

## 2. வாக்கியங்களைத் தனித்தனியாகப் பிரித்து எண் போடுங்கள்

கடிதத்தை ஒரே மூச்சில் படித்தால் ஒரு வாக்கியத்தின் இதம் அடுத்த வாக்கியத்தின் ஓட்டையை மூடிவிடும். அதனால் மேலே நான் செய்திருப்பது போல எண் போடுங்கள். பிறகு ஒவ்வொன்றிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள்: யார் செய்கிறார்? என்ன செய்தார் அல்லது செய்வார்? எவ்வளவு தொகை? எந்தத் தேதிக்குள்? எந்த வழியில்?

ஐந்துக்கும் பதில் தரும் வாக்கியம்தான் வாக்குறுதி. "உங்கள் ரீஃபண்டை ஏற்றுக்கொண்டோம், 4,789 ரூபாய் மார்ச் 21-க்குள் நீங்கள் பணம் கட்டிய யுபிஐ கணக்குக்கு அனுப்புகிறோம்" என்று எழுதும் நிறுவனங்களும் உண்டு. அப்படி வந்தால் இந்த வழிகாட்டி தேவையில்லை, அந்தத் தேதிவரை பொறுத்திருங்கள்.

அக்காவின் கடிதத்தில் முதல் வாக்கியம் வருத்தம் மட்டும், அடித்துவிடலாம். ஐந்தாவதில் 'உறுதுணையாக இருப்போம்' என்கிறார்கள். துணையிருப்பது பணம் தருவதாகாது. 'சிறந்த தீர்வு' என்பதில் மாற்றுப் பொருள், ஸ்டோர் கிரெடிட் எதுவும் அடங்கலாம். அதையும் அடித்துவிடலாம்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏதோ நடந்து முடிந்ததாக அது சொல்கிறது, உண்மையில் ஒன்று நடந்தும் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? கோரிக்கை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிருக்கிறது. கோரிக்கையை ஏற்றதாக அதில் இல்லை. 'எஸ்கலேட் செய்துவிட்டோம்', 'முன்னுரிமை கொடுத்திருக்கிறோம்', 'பரிசீலனையில் உள்ளது' எல்லாமே இதே வகைதான். முடிவு எடுக்கப்படவில்லை என்பதை நல்ல விதமாகச் சொல்லும் வழிகள் இவை.

## 3. நிபந்தனைகளைத் தேடி எடுங்கள்

இனி மூன்றாவது வாக்கியம். இந்தக் கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள்.

'ஆனதும்', 'இருந்தால்', 'உட்பட்டு', 'பொறுத்து', 'தகுதியுள்ள' என்ற சொற்களை வட்டமிடுங்கள். ஆங்கிலக் கடிதமாக இருந்தால் 'ஒன்ஸ்', 'இஃப்', 'ஸப்ஜெக்ட் டு', 'டிபெண்டிங் ஆன்', 'எலிஜிபிள்' என்று வரும். வட்டமிட்ட ஒவ்வொரு நிபந்தனையிடமும் இரண்டு கேள்வி: இது ஏற்கெனவே நிறைவேறிவிட்டதா? நிறைவேறாவிட்டால், நிறைவேற்ற வேண்டியது யார்?

அக்காவின் கடிதத்தில் மூன்று நிபந்தனை இருந்தது. முதலாவது, பொருள் கிடங்கை அடைய வேண்டும். ஏ.டபிள்யூ.பி. எண்ணைக் கூரியர் தளத்தில் போட்டுப் பார்த்தோம். மார்ச் 11 அன்றே ஒப்படைக்கப்பட்டதாகக் காட்டியது. அதாவது, கடிதம் எழுதப்பட்ட மார்ச் 14-க்கு முன்பே அந்த நிபந்தனை முடிந்துவிட்டது. அதை இன்னும் நடக்காதது போல எழுதியிருந்தார்கள். எழுதியவர் பெரும்பாலும் ஆர்டர் விவரத்தைப் பார்க்காமல் அச்சுக் கடிதத்தை அனுப்பியிருப்பார். இப்படி ஒரு பொருத்தமின்மை கிடைத்தால் அதுதான் உங்கள் பதிலின் முதல் வரி.

இரண்டாவது, தரப் பரிசோதனை. இது முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. எப்போது செய்வார்கள் என்ற தேதி இல்லை. தேதி இல்லாத நிபந்தனையை அவர்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் திறந்தே வைத்திருக்கலாம். அதற்குத் தேதி கேட்பதுதான் உங்கள் இரண்டாவது வரி.

மூன்றாவது, 'தகுதியுள்ள தொகை'. எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருப்பதால் டெலிவரிக் கட்டணமோ கிஃப்ட் கார்டுப் பணமோ கழிக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. தொகையை நீங்களே எழுதிச் சரியா என்று கேட்பது மூன்றாவது வரி.

இந்த இடத்தில் பலர் 'கொள்கைகளுக்கு உட்பட்டு' என்ற வரியைக் கண்டு பயந்து பின்வாங்குகிறார்கள். நிறுவனத்தின் கொள்கை எதுவாக இருந்தாலும், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கவும், பணத்தைத் தர மறுக்கவும் விற்பவருக்கு உரிமை கிடையாது. விரிசல் விட்ட கல் அதற்குள் வரும். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பினால் கதை வேறு, அங்கே கொள்கைதான் பேசும்.

## 4. நாட்கணக்கு எந்த நிகழ்விலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்

'7 முதல் 10 வேலை நாட்கள்' என்று எண் இருப்பதால் இதைத் தேதி என்று நினைத்துவிடுகிறார்கள். தொடங்கும் நாள் தெரியாவிட்டால் இது தேதி ஆகாது.

அக்கா மார்ச் 7-லிருந்து எண்ணி, சனி ஞாயிறு கழித்து, 21-ஆம் தேதி வந்துவிடும் என்று காலண்டரில் குறித்திருந்தார். கடிதமோ 'ரீஃபண்ட் தொடங்கிய பின்' என்கிறது. தொடங்குவது பரிசோதனைக்குப் பிறகு. பரிசோதனைக்குத் தேதி இல்லை. ஆகவே மார்ச் 21 என்பது அக்காவின் கணிப்பு மட்டும்தான், நிறுவனம் எங்கேயும் அதைச் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பம் நிலைகளைப் பற்றியது. 'இனிஷியேட்டட்' என்றால் நிறுவனத்தின் கணினியில் கட்டளை போடப்பட்டது. 'பிராசஸ்டு' என்றால் அவர்கள் பக்கத்து வேலை முடிந்ததாகச் சொல்கிறார்கள். 'கிரெடிட்டட்' என்றால்தான் உங்கள் கணக்கில் விழுந்தது. 'தொடங்கப்படும்' என்ற எதிர்காலம் முதல் நிலையைக்கூட எட்டவில்லை. 'பொதுவாக', 'வங்கியைப் பொறுத்து' என்ற ஒட்டுகள் தாமதத்தை வங்கி மீது போட முன்கூட்டியே இடம் விடுகின்றன.

## 5. கடிதத்தின் கடைசி வரியை முதலில் செயல்படுத்துங்கள்

அவசரமானது ஆறாவது வாக்கியம்தான். 48 மணி நேரம் பேசாமல் இருந்தால் புகார் மூடப்படும். நிம்மதியாகிவிட்டவர்தான் பேசாமல் இருப்பார். மூடிய புகாரைத் திரும்பத் திறக்கச் சொன்னால் பல இடங்களில் புது எண் கொடுத்து முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அதனால் முழுப் பதில் தயாராகாவிட்டாலும், அன்றே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "என் புகார் தீரவில்லை, மூட வேண்டாம், விரிவான பதில் தனியே அனுப்புகிறேன்." அனுப்பும் முன் முகவரியைப் பாருங்கள். 'நோ ரிப்ளை' என்று தொடங்கும் முகவரியாக இருந்தால் பதில் யாருக்கும் போகாது. தளத்தில் அதே புகார் எண்ணுக்குள் போய் எழுதி, அதைப் படம் எடுத்து வையுங்கள்.

கடிதத்தில் 'திருப்தியா?' என்று ஒரு பொத்தான் இருந்தாலும், 'ஸ்டோர் கிரெடிட்டாகப் பெற இங்கே அழுத்தவும்' என்று இணைப்பு இருந்தாலும் யோசிக்காமல் தொடாதீர்கள். முதலாவது புகாரை மூடலாம். இரண்டாவதை அழுத்தினால், ஸ்டோர் கிரெடிட்டுக்கு நீங்கள் சம்மதித்ததாக அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ரீஃபண்ட் பெற யுபிஐ பின், ஓடிபி, கியூஆர் ஸ்கேன் எதுவும் தேவையில்லை. இவற்றில் ஒன்றைக் கேட்டால் அந்தக் கடிதம் நிறுவனத்திலிருந்தே வரவில்லை, மோசடி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## 6. கடிதம் உண்மையில் சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அக்காவிடம் கடிதத்தை மூடிவைத்துவிட்டு எழுதச் சொன்னேன். "அவங்க பணம் தர்றதா சொல்லிட்டாங்களே தம்பி" என்றுதான் ஆரம்பித்தார். வாக்கியம் வாக்கியமாகப் பார்த்த பிறகு எழுதியது இது: "உங்கள் கோரிக்கையை வேறு குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம், தேதி சொல்லாத ஒரு பரிசோதனைக்குப் பிறகு, தொகை சொல்லாத ஒரு பணத்தை அனுப்பத் தொடங்கக்கூடும்."

உங்கள் வாக்கியத்தில் 'ஏற்றுக்கொண்டோம்' என்ற வினை இருந்தால் அடுத்துக் கேட்க வேண்டியது தேதியும் சான்றும். நிபந்தனை மட்டும் இருந்தால் அந்த நிபந்தனைக்குத் தேதி கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் ஒப்புகை. கோரிக்கையை ஏற்றீர்களா இல்லையா என்றே கேளுங்கள். இதைப் பிரித்தறியாமல் எழுதுபவர்கள்தான் "சீக்கிரம் அனுப்புங்கள்" என்று கெஞ்சி, அதே அச்சுக் கடிதத்தை இன்னொரு முறை வாங்குகிறார்கள்.

## 7. தப்பிக்க இடமில்லாத பதில்

பதிலில் கோபம், கதை, மிரட்டல் வேண்டாம். நீளமான கடிதத்தில் அவர்களுக்கு வசதியான ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போக முடியும். உண்மைகள் மூன்று, கேள்விகள் மூன்று, ஒரு தேதி. அவ்வளவு போதும். அக்காவுக்காக எழுதியது:

> மார்ச் 14 தேதியிட்ட உங்கள் பதில் கிடைத்தது. புகார் தீரவில்லை, மூட வேண்டாம்.
>
> விரிசல் விட்ட கல்லுடன் வந்த கிரைண்டர் மார்ச் 7 அன்று என்னிடமிருந்து பெறப்பட்டு, மார்ச் 11 அன்று உங்கள் கிடங்கில் ஒப்படைக்கப்பட்டதாகக் கூரியர் பதிவு காட்டுகிறது (படம் இணைப்பு). நான் கட்டியது 5,289 ரூபாய்: யுபிஐ 4,789, கிஃப்ட் கார்டு 500.
>
> 1. ரீஃபண்ட் ஏற்கப்பட்டதா? ஆம் அல்லது இல்லை.
> 2. ஏற்கப்பட்டிருந்தால், 4,789 ரூபாய் யுபிஐ கணக்குக்கும் 500 ரூபாய் கிஃப்ட் கார்டுக்கும் எந்தத் தேதியில் அனுப்பப்படும்? தொகை குறைந்தால் காரணம் என்ன?
> 3. ஏற்கப்படவில்லை என்றால், எந்த விதியின்படி?
>
> மார்ச் 19-க்குள் பதில் தேவை. இல்லையெனில் குறைதீர் அலுவலருக்கு அனுப்புவேன்.

கெடு தேதி நியாயமானதாக இருக்க வேண்டும். 'இன்றே' என்று எழுதினால் அதை யாரும் மதிப்பதில்லை, பின்னால் புகார் மன்றத்தில் காட்டும்போதும் நன்றாக இருக்காது. பழைய கடிதத்துக்குப் பதிலாகவே அனுப்புங்கள், புதிதாகத் தொடங்காதீர்கள். முழு வரலாறும் ஒரே இழையில் இருந்தால் அடுத்த நிலைக்கு அதை அப்படியே அனுப்பிவிடலாம்.

பதில் மார்ச் 18 அன்று வந்தது. ரீஃபண்ட் ஏற்கப்பட்டது, 4,690 யுபிஐக்கும் 500 கிஃப்ட் கார்டுக்கும் அனுப்பப்படும் என்றார்கள். 99 ரூபாய் குறைந்திருந்தது. தொகையைப் பிரித்து எழுதியதால்தான் அது உடனே கண்ணில் பட்டது. "குறை பொருளில் இருந்தது, டெலிவரிக் கட்டணம் ஏன் கழிக்கப்பட்டது?" என்று ஒரே வரி கேட்டோம். அதையும் சேர்த்தார்கள்.

## 8. 'பிராசஸ் ஆகிவிட்டது' என்றால் எண்ணைக் கேளுங்கள்

நகர்ந்த பணத்துக்கு ஒரு தடம் இருக்கும். யுபிஐ என்றால் 12 இலக்க ஆர்.ஆர்.என்., கார்டு என்றால் 23 இலக்க ஏ.ஆர்.என்., நெஃப்ட் என்றால் யு.டி.ஆர். எண். "பிராசஸ் செய்துவிட்டோம், வங்கியைக் கேளுங்கள்" என்று வந்தால், எண் இல்லாமல் வங்கிக்குப் போகாதீர்கள். வங்கியால் எதையும் தேட முடியாது, உங்களைத் திருப்பி அனுப்பிவிடும்.

நிறுவனம் தரும் ரீஃபண்ட் ஐடி வேறு. அது அவர்களுடைய உள் எண், வங்கிக்கு அது ஒன்றும் சொல்லாது. இலக்கங்களை எண்ணிப் பார்த்தாலே பல நேரம் தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கார்டில் கட்டிய உடனே ஆர்டரை ரத்து செய்திருந்தால், பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அந்தப் பரிவர்த்தனை நீக்கப்படலாம். அப்போது ஏ.ஆர்.என். உருவாகாது. ஸ்டேட்மென்டில் தனியாக வரவு தேடாமல், முதலில் பிடித்த தொகையே மறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

## 9. மின்னஞ்சலை நிறுத்திவிட்டு மேலே போக வேண்டிய நேரம்

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் இரண்டாவது அச்சுக் கடிதம் வந்தால், மூன்றாவது முறை கஸ்டமர் கேருக்கு எழுதாதீர்கள். அங்கே இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை.

தளத்தின் அடியில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும், மேலே சொன்ன 2020 விதிகளில் அது கட்டாயம். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முழு இழையையும், ஆறாவது படியில் எழுதிய ஒற்றை வாக்கியத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அதுவும் நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in. இவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தர முயல்வார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம், e-jagriti.gov.in வழியாக ஆன்லைனிலும் முடியும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு: கார்டு தந்த வங்கியில் டிஸ்பியூட் எழுப்புவது. இதற்குக் கால வரம்பு உண்டு, பெரிய கார்டு நெட்வொர்க்குகளில் பெரும்பாலும் 120 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது காரணத்தைப் பொறுத்து மாறும், அதனால் கடைசிவரை காத்திருக்காமல் வங்கியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து ஆப்புக்குள்ளேயே புகார் எழுப்பலாம். நிறுவனம் ரீஃபண்டை ஏற்றதாக எழுதிய கடிதம் கையில் இருந்தால் வங்கியிடம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதம் மட்டும் இருந்தால், இன்னும் பொறுத்துப் பாருங்கள் என்ற பதில்தான் வரக்கூடும்.